படங்குக்குப் பயந்த நாய்

நாய் வளர்த்த கதையை எதற்குக் கேட்கிறீர்கள்? வேலை வெட்டி இல்லையா? கேட்டுவிட்டு நாளைக்கு நீங்களும் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வருவீர்கள், அது பாயில் மூத்திரம் பெய்யும், என்னைத்தான் திட்டுவீர்கள். சரி, உட்காருங்கள். சொல்லித் தொலைக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட ஒரு டொக்டரம்மா வந்தார். நுவரெலியாப் பக்கம் கைவிட்ட நாய்களுக்கு ஒரு காப்பகம் நடத்துகிறவர். சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். ஊசி போட்டு முடித்ததும், காப்பகத்தில் நாய்களுக்கு இருமல் பரவியிருக்கிறது, காலில் தையல் போட்ட ஒரு பெட்டை நாயை நான்கு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்க யாராவது முன்வருவீர்களா என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த அறையில் இருக்கிற பக்கத்துக் காம்பராக்காரி என் காதில் சொன்னாள். "பெரியம்மா, நீங்க கீழ பாருங்க. ஒங்களுக்கே ஆள் வேணும் பாத்துக்க."

அதற்காகவே கையைத் தூக்கினேன்.

நாய் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை டொக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். அடுப்படியில் ஆள் நடமாட்டம் குறைந்த மூலை ஒன்று வேண்டும். சாக்கை மடித்துப் போட்டு, மேலே பழைய கம்பளி. செருப்பு, எலி மருந்து, மண்ணெண்ணெய் எல்லாம் உயரத்தில். முதல் வாரம் காப்பகத்தில் தின்ற சாப்பாடுதான், இல்லாவிட்டால் வயிறு போகும். உறைப்பு, வெங்காயம், கோழி எலும்பு கூடவே கூடாது. குளிப்பாட்டக் கூடாது. கயிறில்லாமல் வெளியே விடக் கூடாது. எங்கள் மலையில் சிறுத்தைப்புலி நாயைத்தான் முதலில் தூக்கும், அதனால் இருட்டும் முன் உள்ளே வந்துவிட வேண்டும்.

"அம்மே, இது உங்க நாய் இல்ல. நாலு வாரம் வச்சிருந்துட்டு குடுக்கணும்" என்றார்.

"பொண்ணுங்க மூணு பேரக் கட்டிக் குடுத்தவ நான். நாயக் குடுக்க மாட்டேனா?" என்றேன்.

நானுஓயாவில் ஒரு டீச்சர் இவளைக் கேட்டிருந்தார். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதாம். காயம் ஆறி, ஆட்களைப் பார்த்து உறுமாமல் இருந்தால் எடுத்துக்கொள்வார். உறுமினால் திரும்பக் கூண்டுதான். நொண்டி நாயை வேறு யார் கேட்டு வரப்போகிறார்கள்?

காப்பகத்திலிருந்து வந்தவள் நேரே கட்டிலுக்கு அடியில் போனாள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பாயை நனைத்தாள். டொக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "மூணு நாள் விடுங்க. கூப்பிட வேணாம், தொட வேணாம், முறைச்சுப் பாக்க வேணாம். பக்கத்துல உங்க வேலையச் செய்ங்க" என்றார். நான் கீரை ஆய்ந்தேன், சுவரோடு பேசினேன். மூன்றாம் நாள் ஒரு மூக்கு வெளியே வந்தது. வாழைப்பழத்துக்குள் மாத்திரையை வைத்து நீட்டினேன். பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பினாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஐந்தாம் நாள் பக்கத்துக் காம்பராக்காரி பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து நேரே என் இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தாள். நாய் எப்படி என்று பார்க்க அல்ல, நான் எப்படித் திண்டாடுகிறேன் என்று பார்க்க. இவள் பல்லைக் காட்டி உறுமினாள். அவள் போட்ட சத்தத்தில் லயமே கூடியது.

மறுநாள் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற கண்டாக்கு வந்துவிட்டார்.

"ஆயா, கடிக்கிற நாயை லயத்துல வைக்க ஏலாது. சனிக்கிழமைக்குள்ள அனுப்புங்க."

"யாரைக் கடிச்சிச்சு, ஐயா?"

"கடிக்கப் பாத்துச்சாம்."

"பாத்தவங்களையெல்லாம் அனுப்புறதா இருந்தா, தோட்டத்துல யாரு மிஞ்சுவா?" என்று கேட்டுவிட்டு, ஊசி போட்ட அட்டையை எடுத்துக் காட்டினேன். "அவ ஊசியெல்லாம் போட்டிருக்கா. ஐயா போட்டிருக்கீங்களா?"

அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். நான்கு வாரத்துக்குமேல் ஒரு நாளும் கிடையாது, யார் மேலாவது பல் பட்டால் அன்றைக்கே போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உறுமியதற்கு இவளை அடித்திருப்பேன். நல்லவேளை, டொக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். "உறுமுறதுக்கு ஏச வேணாம் அம்மே. 'கிட்ட வராதே'ன்னு சொல்ற பாஷை அது. அத நிப்பாட்டினா சொல்லாமக் கடிக்கும். எதப் பாத்து உறுமுதுன்னு பாருங்க."

பார்த்தேன். கடைக்காரர் வந்தால் உறுமவில்லை. பக்கத்துக் காம்பராக்காரியே ஞாயிற்றுக்கிழமை சேலையில் வந்தபோது உறுமவில்லை. மலையிலிருந்து வருகிற பெண்கள் என்றால்தான் உடம்பு விறைத்தது. ஈரத்துக்காக அவர்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற பொலித்தீன் படங்கு நடக்கும்போது சரசரக்குமே, அந்தச் சத்தம். அவளை முன்பு யார் என்ன செய்தார்களோ, எனக்குத் தெரியாது. கொழுந்து மலையில் படங்குக்குப் பயந்தால், கடலில் தண்ணீருக்குப் பயந்த கதைதான்.

என் பழைய படங்கை அட்டல் பரணிலிருந்து இறக்கி, தூரத்தில் விரித்துவைத்தேன். அவள் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு துண்டு கருவாட்டுத் தலை, உப்புப் போக ஊறவைத்தது. ஒவ்வொரு நாளும் ஒரு சாண் கிட்டே. நான்காம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. படங்கைக் கட்டிக்கொண்டு ராணி மாதிரி அவள் முன்னால் நடந்தேன். விறகுக்குப் பின்னால் ஓடியவள் இரண்டு நாள் வரவில்லை. என் தப்பு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாம் வாரம் பாதியாவதற்குள் என் படங்கின்மேலேயே படுத்துக்கொண்டாள்.

ஆனால் நான் கட்டினால் போதுமா? வேறு ஆள் வேண்டும். யாரிடம் போவது? எதிரியிடம்தான், பக்கத்துக் காம்பராக்காரியிடம்.

"இந்தா, ஒன்னால ஏலாதுன்னு எனக்குத் தெரியும். பயந்தவ. சும்மா கேட்டுவச்சேன்" என்றேன்.

"யாரு பயந்தவ?" என்று படங்கோடு வந்து உட்கார்ந்தாள். நாயைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்காரச் சொன்னேன், துண்டை எறிந்துவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னேன். முதல் நாள் இரண்டு பேரும் நடுங்கினார்கள். அந்த வாரக் கடைசியில் காம்பராக்காரி கையிலிருந்தே இவள் வாங்கித் தின்றாள். "அவளுக்கு என்னத்தான் புடிக்குது, பெரியம்மா" என்று என்னிடமே சொன்னாள்.

நான்காம் வாரம் டீச்சர் வந்த அன்று மழை. பிள்ளையும் அவரும் நீளமான மழைக்கோட்டில் சரசரவென்று படியேறினார்கள். கோட்டைக் கழற்றச் சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். நாளைக்கு அந்த வீட்டிலும் மழை பெய்யுமே. உள்ளதைச் சொன்னேன். "சரசரப்புச் சத்தத்துக்குப் பயந்தவ. இப்பப் பழகிட்டா. பிள்ளைய ஓடி வர விடாதீங்க, உக்காரச் சொல்லுங்க."

பிள்ளை உட்கார்ந்தது. அவள் என் காலுக்குப் பின்னால் போனாள். காது மடங்கியது. உறுமவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நொண்டி நொண்டிப் போய்க் கோட்டின் நுனியை மோந்து பார்த்தாள். பிறகு பிள்ளையின் கையை நக்கினாள்.

கம்பளியைத் துவைக்காமல் அப்படியே சுற்றிக் கொடுத்தேன், புது வீட்டில் பழகின வாசம் இருக்கட்டும் என்று. மாத்திரையைப் பழத்தில் அல்ல, கருவாட்டுக்குள் வைக்கும்படி சொல்லி அனுப்பினேன். அதன்பிறகு அடுப்படியில் இருந்த புகை கண்ணுக்கு ஆகவில்லை. வேறொன்றுமில்லை.

அன்று சாயந்தரம் லயத்துப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்துக் காம்பராக்காரிதான் முன்னால் நின்றாள், கண் சிவந்து. "மனசே இல்லையா பெரியம்மா? வளத்துட்டுத் தூக்கிக் குடுத்துட்டீங்களே."

"துரத்தச் சொன்னதும் நீதான், அழுவுறதும் நீதானா?" என்றேன். "குடுக்கத்தான் வளத்தேன். டொக்டரம்மா அடுத்த மாசம் இன்னொன்னு அனுப்புறாங்க. அதுக்கு படங்கெல்லாம் பயமில்லையாம், மீசை வச்ச ஆம்பளைங்களக் கண்டாத்தான் ஆகாதாம். ஒங்க வீட்டுக்காரர கொஞ்சம் அனுப்பிவைங்கடி, பழக்கணும்."