சட்டி நிறைய ருசி

சூரமங்கலத்தில் என் பூக்கூடைக்குப் பக்கத்தில்தான் சென்னிமலையின் டீக்கடை. ஏழு வருஷத்துக்கு முன்னால் கடை போட்டபோது அறுபத்தெட்டு கிலோ இருந்தான். இந்தத் தையில் தொண்ணூறு. வருஷத்துக்கு மூன்று கிலோ, யார் கண்ணுக்கும் படாமல் ஏறியது.

அவனுக்குத் தொப்புளுக்கு மேலே குடலிறக்கம். பால் குண்டானைத் தூக்கினால் அந்த இடம் புடைத்துக்கொண்டு வலிக்கும். எட்டு கிலோ குறைந்தால்தான் ஆபரேஷன் என்றுவிட்டார் டாக்டர். சென்னிமலை ராத்திரிச் சோற்றை விட்டான். ஒரு மாசம் கழித்து எடை பார்த்தால் ஒரு கிலோ கூடித் தொண்ணூற்றொன்று ஆகியிருக்கிறது.

அவன் பொண்டாட்டி பிரபா கடைக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்க, ஊட்டுல பட்டினி கெடந்துட்டு எங்க போயித் திங்கறீங்க?"

"சத்தியமாத் திங்கலை புள்ள. காத்தக் குடிச்சே பெருக்கறேனோ என்னமோ."

அவன் பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலையில் ஒரு காலிச் சட்டியைக் கொண்டுபோய் அடுப்போரம் வைத்தேன்.

"வாயில எவ்வளவு போடறியோ, அதே அளவு இதுலயும் போடு சாமி."

"ருசி பாக்கறது திங்கறதுல சேருமாங்க ஆத்தா?"

"போடுன்னாப் போடு."

முதல் ஈடு வடையில் உள்ளே வெந்ததா என்று பாதி. அடுத்த ஈட்டில் மொறுமொறுப்புக்குக் கால். தேங்காய்ச் சட்னி நாலு முறை, ஒவ்வொரு முறையும் தொட்டுக்கொள்ள ஒரு போண்டாத் துண்டு. தூள் போட்டு டிகாஷன் இறக்கும்போதெல்லாம் சர்க்கரை போட்டு அரை கிளாஸ் டீ. அதை மட்டும் தனிச் சொம்பில் ஊற்றச் சொன்னேன். உடைந்த பஜ்ஜியை விற்க முடியாதென்று அதுவும்.

சாயங்காலம் பிரபா சட்டியை ஒரு தட்டில் கவிழ்த்தாள். எண்ணெய் கோடு பிடித்து ஓடியது.

"இது எங்க ஊட்டு ராச்சோத்தை விட ஜாஸ்திங்க ஆத்தா."

சென்னிமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "ராத்திரி பட்டினி கெடந்தா, காலையில கை பெருசாக் கிள்ளுது" என்றான் மெதுவாக.

அன்றிலிருந்து ராத்திரி ரெண்டு களி உருண்டையும் கீரையும் உண்டு. கடையில் உப்புக்கு அளவுக் கரண்டி. வடையைப் பிய்த்துக் கண்ணால் பார்ப்பான். வாயைக் கொப்பளித்துவிட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டுச் சட்னி, காலை ஒரு தரம், மாலை ஒரு தரம். டீக்கு மூக்குதான்.

மூன்றாம் நாளே ரயில்வேக்காரர் சென்றாயன் தட்டைத் தள்ளினார். "மாஸ்டர், சட்னியில உப்புக் கம்மி."

ஓயாமல் ருசித்து மரத்த நாக்குக்குத் தக்கபடி இத்தனை வருஷம் உப்பைக் கூட்டியே வந்திருக்கிறான். ஊரும் அதற்குப் பழகிவிட்டது. சென்னிமலையின் கை தன்னால் போண்டாப் பக்கம் போனது. நான் கூடையருகே எழுந்து நின்றேன். அவன் கையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"உப்புக் கிண்ணம் அங்க இருக்குதுங்க. வேணுங்கறதப் போட்டுக்குங்க."

சென்றாயன் முறைத்தார். பிறகு போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. இன்னும் ரெண்டு பேர் வரவில்லை. சென்னிமலை தினமும் தெருவைப் பார்த்துக்கொண்டே மாவு கலக்கினான்.

மாசம் முடிந்து எடை பார்த்தான்: எண்பத்தொன்பது.

"இன்னும் ஏழுங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டு, குண்டானின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, மறு காதைப் பிடிக்கச் சொல்லிப் பிரபாவைக் கூப்பிட்டான்.