சூடம் அணைத்த கை

எங்கள் அய்யா குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தபோது, அவருடைய வலது முழங்கால் ஒரே பகலில் வீங்கியது. காலையில் தானாக எழுந்து பல் விளக்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவர், மத்தியானச் சோற்றுக்கு எழுந்திருக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, காலு மடங்க மாட்டேங்குது. ஸ்டோர்த் தகரமாட்டம் கொதிக்குது பாரு."

ஸ்டோர் என்று அவர் சொன்னது மலையில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை. அங்கேதான் இருபத்தைந்து வருஷம் அடுப்புக்குத் தீப் போட்டார். சுடும் தகரத்தில் உள்ளங்கையை வைத்தே காய்க்குச் சூடு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். நான் முழங்காலில் கை வைத்தேன். தோல் சிவந்து, பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. போர்வை உரசினாலே பல்லைக் கடித்தார்.

அதற்கு முந்தின வாரம் அவருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து, குடித்த கஞ்சிகூடத் தங்காமல் போயிருந்தது. அது சரியாகிவிட்டது என்று நானே அதை மறந்துவிட்டேன். மறந்தது யார் என்றால், போடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்த்த நான். ஊர்க்காரர்களின் ரத்தமும் சிறுநீரும் என் மேசைக்குத்தான் வந்து போகும்.

எங்கள் டாக்டர் முழங்காலைப் பார்த்ததும், "இவர் தண்ணி போடுவாரா?" என்றுதான் கேட்டார். கூட வந்திருந்த அண்ணன் சட்டென்று அய்யாவைத் திரும்பிப் பார்த்தான். ரத்தத்தில் யூரிக் ஆசிட் பார்க்கச் சொன்னார்கள். நான்தான் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூட இருந்தது. சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "கவுட்" என்றார் டாக்டர்; யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வீங்குகிற நோய், குடிக்கிறவர்களுக்கு அடிக்கடி வருவது. கறி கூடாது, சாராயம் கூடவே கூடாது என்று மாத்திரை எழுதினார்.

இதில் சாராயம் என்ற ஒரு வார்த்தை எங்கள் வீட்டில் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாது.

அம்மா செத்தது மலையில், ஒரு மழைக்காலத்தில். காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். ஜீப்பைக் கூட்டிவரப் போன அய்யா வழியில் சாராயத்தில் விழுந்துவிட்டார். ஜீப்பு வந்தபோது அம்மா இல்லை. பதினாறு வயது அண்ணனின் மடியில்தான் அவள் தலை இருந்தது. பதினைந்தாம் நாள் அய்யா இறங்கி வந்து, சிலமலைப் பக்கத்துக் கருப்பசாமி கோயிலில், எரியும் சூடத்தை வலது உள்ளங்கையால் அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. பொய்ச் சூடம் அணைத்த கையைச் சாமி கேட்கும், அந்தக் கையையே முடக்கும் என்பார்கள்.

அதற்குப் பிறகு அவர் தொட்டதாக யாரும் பார்த்ததில்லை. வருஷா வருஷம் அம்மாவின் திதியன்று அவரே உட்கார்ந்து மாலை கட்டி, அவரே அம்மாவின் படத்துக்குப் போடுவார். அண்ணன் அதைத் தடுக்கவில்லை. மன்னித்தான் என்றும் சொல்ல முடியாது. ஒன்பது வருஷமாக அந்த ஒரு மாலையில்தான் எங்கள் குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அண்ணன் கேட்டான்.

"மலையிலருந்து ஆளுக வர்றப்ப சந்தைப் பக்கம் போறீகள்ல. அங்க என்ன சோலி?"

"பழகுன ஆளுகப்பா. பேசிட்டு வர்றேன்."

"பேசுனா முட்டி வீங்குமா?"

அய்யா என்னைப் பார்த்தார். லேபில் இருப்பவள், படித்தவள், மகள். ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று பார்த்தார். நான் சொன்னேன்: "ரத்தம் பொய் சொல்லாதுய்யா."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை எத்தனையோ பேசியிருக்கிறேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவற்றில் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ள நினைத்ததில்லை, இந்த ஒன்றைத் தவிர.

திதிக்கு ஒரு மாதம்கூட இல்லை. பொய்ச் சத்தியம் பண்ணின கை அம்மா படத்தைத் தொடக்கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டான். அய்யா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஒரு வாரம் போனதும் முழங்கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. "கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்கடா. இன்னொருக்கா அணைக்கிறேன்" என்றார். மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். நொண்டிக்கொண்டே படியேறி, பூசாரி ஏற்றி வைத்த சூடத்தின் மேல் வலது கையை வைத்து அழுத்தினார். உள்ளங்கையில் கரி ஒட்டியிருந்தது. "போதுமாப்பா?" என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று அவனும் நம்பத் தயாராகத்தான் இருந்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாம் நாள் காலையில் அய்யாவின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

சூடம் அணைத்த அதே கை. உள்ளங்கையில் தீப்புண் ஆறிக்கொண்டிருந்தது. மணிக்கட்டோ முழங்காலைப் போலவே சிவந்து, சுட்டுக்கொண்டு, விரலைக்கூட அசைக்க விடாமல் நின்றது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. "கருப்பன் கேட்டுட்டான்ல" என்று வாசலிலேயே நின்று சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. டாக்டர் ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம், நடுவில் என் சிவப்பு அடிக்கோடு. மூன்றும் ஒன்றையே சொன்னால் ஒரு கிழவரின் பேச்சு எந்த மூலைக்கு? அய்யாவே குழம்பிப்போனார். "நான் தொடலையே ஆத்தா, நான் தொடலையே" என்று கையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கை வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்தார்.

மறுநாள் முழங்காலும் திரும்ப வீங்கிக் காய்ச்சலும் அடிக்கவே, எங்கள் டாக்டர் பயந்துவிட்டார். மூட்டுக்குள் சீழ் வைத்திருந்தால் தாமதிக்கக்கூடாது, வெரசாக மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். அண்ணன் வரவில்லை. நான்தான் பஸ்சில் அவர் காலை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு குழிக்கும் அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அவர் குடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. வயசு என்ன, இதற்கு முன் கால் கட்டைவிரல் எப்போதாவது இப்படி வீங்கியதா, சமீபத்தில் காய்ச்சல், பேதி ஏதாவது உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். கட்டைவிரல் வீங்கியதே இல்லை. வயிற்றுப்போக்கு அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறார் என்றேன்.

"அந்த மாத்திரையே யூரிக் ஆசிட்டைக் கூட்டும்மா. ரத்தத்துல கூடி இருந்தா மட்டும் கவுட்னு ஆகாது. கூடாமலும் கவுட் வரும். மூட்டுத் தண்ணிய எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

முழங்காலில் ஊசி போட்டு உறிஞ்சினார். கலங்கல் மோர் போல ஒரு நீர் வந்தது. அழுத்தம் குறைந்ததும் அய்யா நீளமாக மூச்சு விட்டார். கொஞ்சத்தைக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க அனுப்பிவிட்டு, ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து, நானும் லேப் ஆள் என்று தெரிந்ததால் என்னையே பார்க்கக் கூப்பிட்டார். ஒளியை ஒரு வாக்கில் மட்டும் விடுகிற தகடு வைத்த மைக்ராஸ்கோப் அது. அணுக்களுக்கு நடுவே சின்னச் சின்னக் கட்டைச் சில்லுகள், சாய்சதுரமாகச் சில, மங்கலாக மினுங்கின.

"கவுட்னா நீள ஊசியா, பளிச்சுன்னு இருக்கும். இந்த வாக்குல கெடந்தா மஞ்சளாத் தெரியும். இது பாருங்க, அதே வாக்குல நீலம். இது யூரிக் ஆசிட் இல்ல, சுண்ணாம்புச் சத்து உப்பு. போலி கவுட்."

எக்ஸ்ரேயில் முழங்காலின் இரண்டு எலும்புக்கும் நடுவே, குருத்தெலும்பு இருக்கும் இடத்தில், பென்சிலால் இழுத்தது போல ஒரு வெள்ளைக் கோடு. மணிக்கட்டிலும் அதே கோடு. வயசானவர்களுக்கு அங்கே இந்த உப்பு சேரும், பலருக்கு அது பாட்டுக்குக் கிடக்கும், காய்ச்சலோ பேதியோ ஆபரேஷனோ வந்து உடம்பு ஆடிப்போனால் மூட்டுக்குள் உதிர்ந்து இப்படித் தீப்பிடிக்கும் என்றார். முழங்காலும் மணிக்கட்டும்தான் அதற்குப் பிடித்த இடம். யூரிக் ஆசிட்டைக் குறைக்கிற மாத்திரை இதற்கு உதவாது.

"குடிக்கும் இதுக்கும்?" என்று கேட்டேன்.

"ஒரு சம்பந்தமும் இல்ல."

கிருமி இல்லை என்று தெரிந்த பிறகு முழங்காலில் ஓர் ஊசி மருந்து போட்டார்கள். மணிக்கட்டு அசையாமலிருக்கச் சிம்பு வைத்துக் கட்டினார்கள். இரண்டு மூன்று நாளில் சூடு இறங்கியது. வார்டுக்கு வெளியே உட்கார்ந்து நான் அழுதேன். என் மேசையிலும் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. அந்தத் தகடு கிடையாது, நிறம் தெரியாது. ஆனால் ஊசிக்கும் கட்டைச் சில்லுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? முட்டித் தண்ணியை எடுத்துத் தாருங்கள் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அவர் குடித்திருப்பார் என்று மனசு முன்கூட்டியே முடிவுகட்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஊருக்கு வந்து அண்ணனிடம் சீட்டைப் படித்துக் காட்டினேன். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு வெளியே போய், திதிக்கு இன்னும் நாலு நாள் இருக்கும்போதே, ஒரு பந்து மல்லிகை வாங்கிவந்து அய்யா பக்கத்தில் வைத்தான். "நீங்களே போடுங்கய்யா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டான்.

திதியன்று அய்யா இடது கையால் அம்மாவுக்கு மாலை போட்டார். வலது மணிக்கட்டில் சிம்பு இருந்தது. போட்டுவிட்டு, படத்துக்கு எதிரிலேயே காலை நீட்டி உட்கார்ந்தார். நான் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தேன்.

"ஆத்தா, ஒண்ணு கேக்கவா? மதுரையில அந்தக் கண்ணாடி இல்லேன்னு வையி. நீ என்னைய நம்பியிருப்பியா?"

"நம்பியிருப்பேன்ய்யா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் இல்லை. பிறகு புண் ஆறித் தழும்பான அந்தக் கையைச் சிம்போடு மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"சரி ஆத்தா. உன்னைய நான் சூடம் அணைக்கச் சொல்ல மாட்டேன்."