மணிவண்ணன் கணக்கில் விட்ட நாற்பத்திரண்டு

பொம்மையார்பாளையத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மணிவண்ணனைக் கணக்கில் ஏமாற்ற முடியாது என்று அந்தச் சாலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொஞ்சம் சலிப்போடுதான் சொல்வார்கள். ஐஸ்காரரிடம் அரைக் கட்டி குறைந்தாலும் நிறுத்திவைத்துக் கேட்கிற ஆள் அவர்.

பழக்கம் மரக்காணத்தில் பிடித்தது. பதினாலு வருஷம் அங்கே உப்பு வாரினார். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் மேஸ்திரி எண்ணினால் நாலு மூட்டை எப்படியோ காணாமல் போகும். ஒருநாள் மணிவண்ணன் மூட்டைக்கு ஒன்றாகத் தீக்குச்சிகளை ஒடித்து மடியில் போட்டு எண்ணிவைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் எடுத்துக் கொட்டினார். மேஸ்திரி வாயை மூடிக்கொண்டு காசைக் கொடுத்தார். அன்றோடு மனிதருக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. நம் கையில் எண்ணிக்கை இருந்தால் எவனும் நம்மை அசைக்க முடியாது என்று. நல்ல நினைப்புதான். அதுவே அவரைக் கவிழ்க்கும் என்று யார் கண்டது.

கடைக்கு மதியம் சாலையில் போகிறவர்கள் வருவார்கள். ராத்திரி வியாபாரம் முழுக்க செல்போன் ஆப்பில். கோட்டக்குப்பத்திலிருந்தும் குயிலாப்பாளையத்து விடுதிகளிலிருந்தும் ஆர்டர் வரும். அந்த நேரத்துக்கு மீன் வறுக்கவென்றே அம்சவள்ளியை மாதம் ஆறாயிரத்துக்கு வைத்திருந்தார். கடைக்குப் பின்தெருவில் வீடு. புருஷன் போய் மூன்று வருஷம், பெண் பிள்ளை கல்லூரியில் முதல் வருஷம். அந்த ஆறாயிரம் அப்படியே பிள்ளையின் ஃபீஸுக்குப் போகும்.

இந்த நிலைமையில்தான் ஆப் கம்பெனியிடமிருந்து ஒரு மெயில் வந்தது. கமிஷன் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்தது, அடுத்த மாதத்திலிருந்து இருபத்துநாலு.

மணிவண்ணனுக்குச் சுருக்கென்றது. மூன்று மாதப் பில்லையும் எடுத்து உட்கார்ந்தார். ஆர்டர் ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு. சராசரி இருநூற்றுப் பத்து ரூபாய். ஆறு சதவீதம் ஏறினால், அந்தக் கமிஷன் மேல் போடுகிற ஜிஎஸ்டியும் சேர்த்து, மாதம் ஐயாயிரத்து எழுநூறு கையைவிட்டுப் போகும். விலையை ஏற்றலாம் என்றால், ஆப்பில் ஏற்கெனவே பத்து ரூபாய் கூட்டித்தான் போட்டிருந்தார். இன்னும் ஏற்றினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். வேறு எங்கே பிடிப்பது? ஐயாயிரத்து எழுநூறு என்றால் அது அம்சவள்ளிதான்.

“நீ கவலைப்படாத. நான் பேசுறேன் பாரு அவங்ககிட்ட” என்று அவளிடம் சொல்லிவைத்தார்.

கம்பெனிக்காகப் புதுச்சேரிப் பக்கத்துக் கடைகளைக் கவனிக்கும் பெண் கீதாஞ்சலி, மதியச் சாப்பாடு முடிந்த மூன்றரை மணிக்கு ஸ்கூட்டரில் வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். மணிவண்ணன் மோர் கொடுத்து உட்காரவைத்து நோட்டை விரித்தார்.

“பாரும்மா. ஆயிரத்து நூத்தி நாப்பத்தெட்டு ஆர்டரு. உங்க ஆப்பே சொல்லுது, இதுல எழுநூத்தி முப்பத்தொண்ணு திரும்பத் திரும்ப வாங்குறவங்க. பாதிப் பேரு எங்கடையில உக்காந்து சாப்பிட்டுப் போனவங்க. என் ருசிக்கு வர்றாங்க. நீங்க புதுசா கூட்டியாந்தது நானூத்திச் சொச்சம்தான். அதுக்கு எதுக்கும்மா ஆறு சதவீதம் ஏத்துறீங்க?”

“ரிப்பீட் கஸ்டமர் நல்லா இருக்குதுண்ணா. அதுல உங்களக் குறை சொல்ல ஒண்ணுமில்ல.”

“அப்புறம்?”

கீதாஞ்சலி தன் டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பினாள். “உங்க கணக்குல நீங்க எடுத்த ஆர்டர் மட்டும் இருக்குது. எங்களுக்கு வந்தது ஆயிரத்து நூத்தித் தொண்ணூறு. நாப்பத்திரண்டு ஆர்டர நீங்க எடுக்கவேயில்ல. அதுவா கேன்சல் ஆயிடுச்சு. நூத்துக்கு ரெண்டுக்கு மேல போனா பழைய ரேட்டு நிக்காதுண்ணா. உங்களுது மூணரை.”

“நானா? நான் ஒரு ஆர்டரையும் விட்டதில்ல.”

அவள் தேதிகளைக் காட்டினாள். மூன்று மாதத்தில் ஆறே நாள். நாளுக்கு ஏழு ஆர்டர். மதியம் நாலு தவறியதும் கடையை ஆப் தானாகவே மூடியிருக்கிறது, சாயங்காலம் திறந்து மறுபடி மூன்று.

மணிவண்ணன் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். அமாவாசை. கிருத்திகை. மறுபடி அமாவாசை. அந்த நாட்களில் அவர் மீன் அடுப்பு பற்றவைப்பதில்லை, கடையே கிடையாது. ஊருக்கே தெரியும். ஆர்டர் வாங்குகிற போனைக் கல்லாவுக்குள் சார்ஜில் போட்டுவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவார்.

“அன்னிக்கு லீவும்மா” என்றார். குரல் இறங்கிவிட்டது.

“லீவு விடுங்க, யாரு வேணான்னா? ஆப்புல முந்தின நாளே லீவுன்னு போட்டுட்டா கடை மூடியிருக்குதுன்னு காட்டும். யாரும் ஆர்டர் பண்ண மாட்டாங்க, கணக்குலயும் வராது.” இதோ, இங்கே என்று அவரது போனிலேயே அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அரை நிமிஷ வேலை.

அப்போதுதான் அவருக்கு அம்சவள்ளி சொன்னது நினைவுக்கு வந்தது. தை அமாவாசைக்கு மறுநாள் அவள் வந்து, “அண்ணே, மூடுன கடைக்குள்ள போன் அடிச்சிக்கினே கிடந்துச்சு. வூட்டு வரைக்கும் கேக்குது. கம்பெனிக்கு ஒரு வார்த்த சொல்லிட்டா இன்னா?” என்று கேட்டாள். அதற்கு அவர், “ஏம்மா, அமாவாசை என்னிக்குன்னு கம்பெனிக்காரனுக்கு நான் போய்ப் பாடம் எடுக்கணுமா? அடிச்சா அடிக்கட்டும்” என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“இந்த ஒருவாட்டி விட்டுக் குடும்மா. ஒரு பொம்பளையோட பொழப்பு இதுல இருக்குது” என்றார் கீதாஞ்சலியிடம். மேஸ்திரியிடம்கூட அவர் அப்படிக் கெஞ்சினதில்லை.

“நான் எழுதிப் போடுறேண்ணா. ஆனா நடக்காது, பொய் சொல்ல விரும்பல. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்பாங்க. அதுவரைக்கும் ரெண்டுக்குள்ள வச்சீங்கன்னா நானே நின்னு கேட்டு வாங்கித் தர்றேன்.” அவள் முகத்திலும் வருத்தம் இருந்தது. அவளைத் திட்டவும் மணிவண்ணனுக்கு வழியில்லாமல் போயிற்று.

வேண்டாம் என்றால் ஆப்பிலிருந்து விலகலாம். விலகினால் ராத்திரி வியாபாரமே இல்லை. புது ரேட்டுக்குச் சம்மதம் என்று போனில் அமுக்கினார்.

ஐந்து மணிக்கு அம்சவள்ளி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“முடியாதுன்னுட்டாங்களாண்ணே?”

“முடியாதுன்னுட்டாங்க. இந்த மாசம் வரைக்கும் வா. ஆறு மாசம் கழிச்சு மறுபடி கேக்கலாம்னு சொல்லியிருக்காங்க.”

ஆறு மாதத்தில் அவள் வேறு வேலைக்குப் போய்விடுவாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஃபீஸ் அடுத்த மாதம். அப்படியும் அவள்தான் அவரைத் தேற்ற ஆரம்பித்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“நீ இன்னாண்ணே பண்ணுவ. எவ்ளோ கணக்குப் போட்ட, பாத்துக்கினுதான இருந்தேன்.” வெட்டி வைத்திருந்த மீன் தட்டைத் தூக்கியவள் நின்றாள். “அந்த அமாவாசைக்கு போன் அடிச்சிக்கினு கிடந்துச்சே, அதுனால எதுனா ஆயிருக்குமாண்ணே?”

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான், அவளும் பெரிதாகத் திட்டியிருக்க மாட்டாள். மூட்டை எண்ணிக்கையில் பொய் சொன்ன மேஸ்திரியைப் பத்துப் பேர் முன்னால் நிற்கவைத்த மனிதருக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை.

“சேச்சே, அதெல்லாம் இல்லம்மா” என்றார் மணிவண்ணன்.

“நானும் அப்டித்தான் நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.