மைனஸ் எட்டு

நான் அரசு மருத்துவமனையில் உணவியல் நிபுணர். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் வழியாக யாருக்கு எவ்வளவு கஞ்சி, எவ்வளவு புரதம் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. சொந்தக்காரர்கள் எனக்குச் சமையல் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தி அலுத்துவிட்டது.

அந்த நோயாளி பக்கத்து வேங்கிக்காலில் ஆட்டோ ஓட்டுபவர். விபத்தில் இடுப்பும் தொடையும் உடைந்து, நுரையீரலில் சீழ் பிடித்து, வென்டிலேட்டரில் இருந்தார். இரண்டு முறை கழற்றிப் பார்த்தார்கள். மூச்சு விடத் தெம்பில்லை. காய்ச்சலும் காயமும் சேர்ந்தால் உடம்பு தன் தசையையே எடுத்துத் தின்னும், மூச்சுக்கான தசை உட்பட. எவ்வளவு தின்கிறது என்பதைச் சிறுநீர் சொல்லும். தசைப் புரதம் உடைந்தால் அதன் நைட்ரஜன் பெரும்பாலும் யூரியாவாகச் சிறுநீரில்தான் வெளியேறும். அவருக்குச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்தது, அதனால் அந்தக் கணக்கை நம்பலாம்.

இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீர் முழுவதையும் ஒரு கேனில் சேர்க்கச் சொன்னேன். கேனைக் கட்டிலுக்குக் கீழே ஐஸ் பெட்டியில் வைத்தேன். ஆரம்பித்தது, கிரிவலக் கூட்டம் ஊரையே அடைக்கிற பௌர்ணமி அன்று. அது என் புத்தி.

மறுநாள் காலை கேனில் ஆயிரத்து முந்நூறு மில்லி. லேபில் டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லிக்கு, எழுநூறு மில்லிகிராம் யூரியா நைட்ரஜன் என்றார்கள். மொத்தம் ஒன்பது கிராம் சொச்சம். மலத்திலும் தோலிலும், யூரியா அல்லாத வடிவங்களிலும் போவதற்கு வழக்கமாக ஒரு நாலு கிராம் சேர்ப்போம். ஆக வெளியே போனது பதின்மூன்று. உள்ளே போனது எழுபத்தைந்து கிராம் புரதம். ஆறே கால் கிராம் புரதத்துக்கு ஒரு கிராம் நைட்ரஜன் வீதம் பன்னிரண்டு. வித்தியாசம் மைனஸ் ஒன்று.

"சார், கிட்டத்தட்ட சமம்" என்றேன்.

"அப்போ ஃபீட் இப்படியே போகட்டும் மேடம்" என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று மாலை பார்வை நேரத்தில் அவர் மனைவி என்னை நிறுத்தினார்.

"மேடம், தொடை கரைஞ்சிக்கினே போவுது."

"கணக்கு நல்லா இருக்குதும்மா."

"கணக்கு நல்லா இருக்குதா? அப்போ இது யாரு காலு?"

படித்தவர்களுக்கு உரிய புன்னகையோடு நகர்ந்தேன்.

இரண்டு நாள் கழித்தும் அதையே சொன்னார். மூன்றாவது முறை கழற்றியும் அவரால் தானாக மூச்சு விட முடியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீழோடும் காய்ச்சலோடும் கிடக்கிற மனிதர் மைனஸ் ஒன்றில் இருக்க நியாயமே இல்லை. நர்ஸ்கள் எழுதும் அளவுத் தாளை எடுத்து, அந்த நாளின் சிறுநீரைக் கூட்டினேன். இரண்டாயிரத்து முந்நூறு. என் கேனில் வந்தது ஆயிரத்து முந்நூறு.

மீதி ஒரு லிட்டர் எங்கே என்று கேட்டு அலைந்தேன். கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மதிய ஷிஃப்ட் நர்ஸ் வந்து சேர முடியாததால், பக்கத்து வார்டிலிருந்து ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள். அவர் சிறுநீர் சேரும் பையைச் சுத்தமாக அளந்து, சுத்தமாக எழுதி, கழிவறையில் ஊற்றியிருக்கிறார்.

"எங்க வார்டுல அப்படித்தாங்க செய்வோம்" என்றார். பிழை அவருடையது இல்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான். அளவுத் தாளைக் கேனோடு ஒப்பிட வேண்டியதும் நான்.

மறுபடி சேகரித்தோம். இந்த முறை ஒவ்வொரு ஷிஃப்டிலும் போய் நின்றேன். யூரியா நைட்ரஜன் பதினாறு கிராம். நாலு சேர்த்தால் இருபது. உள்ளே அதே பன்னிரண்டு. மைனஸ் எட்டு. ஒரு கிராம் நைட்ரஜன் என்பது ஏறக்குறைய முப்பது கிராம் தசை. ஒரு நாளைக்குக் கால் கிலோ.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். புரதத்தைப் படிப்படியாக நூற்றுப் பத்துக்கு ஏற்றினோம். இந்த நிலையில் ப்ளஸ் வராது, போகிற வேகத்தைக் குறைத்தால் போதும் என்பது தெரிந்ததுதான். அடுத்த வாரம் மைனஸ் மூன்று. சீழும் அடங்கி வந்தது. அதற்கடுத்த வாரம் வென்டிலேட்டரைக் கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை.

அன்று அவர் மனைவி எனக்கு நன்றி சொல்ல வந்தார். வாங்கிக்கொள்ள முடியவில்லை. கேன், கழிவறை, என் கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் மொத தபா சொன்னப்பவே பாத்திருந்தா?"

"ரெண்டு நாள் முன்னாடியே ஏத்தியிருப்போம். இவ்ளோ இளைச்சிருக்க மாட்டாரு."

அவர் கணவரின் காலில் விலகியிருந்த போர்வையை இழுத்து மூடினார்.

"சொல்லாமலே இருந்திருக்கலாம் நீங்க" என்றார். பிறகு, "நன்றி சொன்னது சொன்னதுதான். ஆனா அடுத்த ஆளு பொண்டாட்டி சொன்னா, சிரிக்காதீங்க மேடம்."