இரண்டு விரல் துணி

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ‘நாளைக்கழிச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராக இல்லை, முதுகுக்குப் பின்னால். எந்த உடுப்பைக் கேட்டுப் போனாலும், “நாளைக்கழிச்சு வாங்க” என்பார். சோம்பேறித்தனம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. உண்மையில் அவரைப் போல வேலை வெறி பிடித்த தையல்காரர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. முப்பது வருஷம் கத்திரி பிடித்து அவருடைய கட்டைவிரலில் காசு அகலத்துக்குக் காய்ப்பு ஏறியிருந்தது.

நாளைக்கழிச்சு என்பதற்குக் காரணம் கிராஸ் வெட்டு. துணியை நீளவாக்கில் வைத்து வெட்டாமல் மூலைவாட்டில் சாய்த்து வெட்டுகிற வேலை. கேட்கிறவர்களுக்கு அவர் கைக்குட்டையை எடுத்துக் காட்டுவார். இரண்டு பக்க ஓரங்களைப் பிடித்து இழுப்பார், ஒன்றும் நடக்காது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் கைக்குட்டை நீண்டு, நடுவில் ஒடுங்கிவிடும்.

“நூல் நீளலைங்க. நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் சின்னச் சின்னக் கட்டமா நிக்குது இல்ல? மூலையைப் பிடிச்சு இழுத்தா அந்தக் கட்டமெல்லாம் சாஞ்சுடுது. அதான் உடம்போட ஒட்டிக்கிட்டு, வழிஞ்சு விழுது. ஆனா தன் பாரத்துலயே இறங்கிக்கிட்டும் இருக்கும். ரெண்டு நாள் தொங்க விடாம கீழ மடிச்சுத் தைக்கக் கூடாது.”

தொங்க விடாமல் அவர் தைத்துக் கொடுத்ததில்லை. பெரிய வீட்டம்மா ஒருத்தி காரை வாசலில் நிறுத்திக்கொண்டு சத்தம் போட்டபோதும் கொடுக்கவில்லை. அவர் மனைவி பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். வெட்டுவது அவர், தைப்பது அவள், கடைசி மடிப்பு மட்டும் அவர் கை. இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வழக்கம்.

கொழுந்தியாள் விஷயத்தில்தான் அவர் புத்தி கெட்டுப்போனது. மனைவிக்கு ஒரே தங்கை. முப்பத்தெட்டு வயதில் கல்யாணம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை அவளுடைய ஆபீசிலேயே வேலை பார்க்கிறவர். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். வழுவழுப்பான வெளிர்நீல சாட்டின் துணியோடு வந்து நின்றாள்.

“கிராஸ்ல நீளமா ஒரு கவுன் வேணும் மாமா. பாதம் வரைக்கும். வாழ்க்கையில ஒரு தடவையாவது நான் நல்லா இருக்கணும்.”

“நீ எப்பவும் நல்லாத்தான் இருக்க. அடுத்த வாரம் பாரு, ஆளே மாறிடுவ” என்றார்.

மறுநாளே பதிவு அலுவலகத்தில் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அடுத்த வாரம் என்றிருந்தது சனிக்கிழமை காலை ஆனது. செய்தி வந்தது வியாழக்கிழமை மாலை, துணியில் இன்னும் சாக்பீஸ் கோடு கூடப் போடவில்லை.

“நேர்வெட்டுல தைச்சிடுங்க. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றாள் மனைவி.

அது சரியான பேச்சு. ஆனால் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாக்குக் கொடுத்தாயிற்று, அதுவும் யாருக்கு! வெள்ளிக்கிழமை காலையில் துணியை ஒற்றை மடிப்பாக மேஜையில் பரப்பி, முன்பக்கத்தின் நடுக்கோடு சரியாக மூலைவாட்டில் வருகிற மாதிரி வெட்டினார். மனைவி துணியை இழுக்காமல் தைத்து முடித்தாள். மதியம் அவள் தங்கையோடு செருப்பு வாங்கக் கிளம்பினாள். அவர் கவுனை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட்டார். கை கழுவி வந்து கழற்றிக் கீழே மடித்துத் தைத்துவிட்டார். அந்த நேரத்தில் கவுன் தரைக்குச் சரியாகத்தான் நின்றது.

மாலையில் மனைவி கேட்டாள்: “தொங்க விட்டீங்களா?”

“ஆச்சு, ஆச்சு” என்றார்.

சனிக்கிழமை பதிவு அலுவலகத்தின் மாடியில் இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்கள். கவுன் அவள் உடம்பில் அவ்வளவு அழகாக வழிந்தது. வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கீழேயிருந்து பெயரைக் கூப்பிட்டதும் அவள் சிரித்துக்கொண்டே படியில் இறங்கினாள். நாலாவது படியில் செருப்பு முன்பக்கத் துணியை மிதித்தது. பதினோரு படிகள். கீழே போய் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. மாப்பிள்ளை ஒரு மாதம் வந்து பழம் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் வருவது குறைந்தது, அப்புறம் நின்றது. கொழுந்தியாளை இவர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து, கடைக்குப் பின்னால் இருந்த அறையில் கட்டில் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்த கவுனை அவர்தான் வாங்கி வந்தார். மனைவி அங்கே தங்கையோடு இருந்த நாட்களில் அதைத் தொங்கவிட்டுத் தரையிலிருந்து அளந்தார். இரண்டு ஓரங்களிலும் அப்படியே இருந்தது. முன்நடுவில், மூலைவாட்டு சரியாக விழுகிற இடத்தில், இரண்டு விரல் இறங்கியிருந்தது. சொல்லியிருக்க வேண்டியது அன்றைக்குத்தான். சொல்லாமல் மடிப்பைப் பிரித்து, மிச்சத்தை வெட்டி, மட்டமாகத் தைத்து மடித்து வைத்துவிட்டார். வெட்டிய துண்டைக் குப்பையில் போட மனம் வரவில்லை. மேஜைக்கு அடியில் இருந்த துண்டுத்துணி மூட்டையில் செருகினார்.

கட்டிலில் கிடந்தவள் தன்னையே திட்டிக்கொண்டாள். “பார்த்து இறங்கத் தெரியாத கழுதை நான். பாழாப்போன காலு! அந்தச் செருப்பை நான்தானே கேட்டு வாங்கினேன்?” வருகிறவர்களிடமெல்லாம் இதே பேச்சு. அக்காவும் தன் பங்குக்கு, “அந்தச் செருப்பை வாங்காதேன்னு நானாவது சொல்லியிருக்கணும்” என்று அழுவாள். அவர் முன்பக்கக் கடையில் உட்கார்ந்து கத்திரியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஏழு மாதம் துடைத்தார்.

ஒருநாள் காலை, ஒரு ரவிக்கையின் கழுத்துக்குப் பட்டி வைக்க மனைவி மூட்டையைக் குடைந்தாள். வெளிர்நீலத் துண்டு ஒன்று கையில் வந்தது. நடுவில் இரண்டு விரல் அகலம், இரண்டு முனையிலும் ஒன்றுமில்லாமல் தேய்ந்து போன துண்டு. கீழ்ஓரத்தில் பழைய தையலின் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. வேறு யாராக இருந்தாலும் கந்தல் என்று எறிந்திருப்பார்கள். அவள் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். துண்டை வெட்டு மேஜையில், அவர் கைக்கு எதிரே விரித்து வைத்தாள்.

“ஆச்சுன்னு சொன்னீங்களே.”

அவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

“என்கிட்ட சொல்ல வேண்டாம். உள்ளே போய் அவகிட்ட சொல்லுங்க.”

அவர் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொழுந்தியாள் தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை.

“உன் தப்பால நீ விழலம்மா. செருப்பும் காரணமில்ல. கவுனை நான் தொங்க விடல. அது உன் மேலயே இறங்கிடுச்சு. அப்புறம் தெரிஞ்சுடக் கூடாதுன்னு இதை வெட்டி மறைச்சேன்.”

அவள் அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இறங்கும்னு தெரிஞ்சுதான் தைச்சீங்களா?”

“தெரியும்.”

அவள் போர்வையை விலக்கி, அசையாத தன் கால்களைப் பார்த்தாள். குனிந்து, கைக்கு எட்டிய மட்டும் முழங்காலைத் தடவிக்கொடுத்தாள்.

“ஏழு மாசமா இந்தக் காலைத் திட்டிக்கிட்டு இருந்தேனே மாமா” என்றாள்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். வெளியே மெஷின் ஓடும் சத்தம் கேட்கவில்லை.