சூடாக இருந்த பானட்

கிணத்துக்கடவில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய கார் பார்க்கப்போன பக்கத்து வீட்டு அம்மா என்னையும் கூட்டிப்போனார். பத்து வருஷ வண்டி, ஓட்டம் குறைவு, ஆயிலும் தவறாமல் மாற்றியிருந்தார்கள். பானட்டைத் தொட்டேன், சுட்டது.

“கைமாறுதில்லீங்களா, கோயில்ல பூசை போட்டுட்டு வந்தோமுங்க,” என்றார் விற்பவர்.

ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வந்தால் உள்ளே தேய்மானம். சூட்டில் அது தெரியாமல் போகும். ஆனாலும் மாலை போட்ட வண்டியைச் சந்தேகப்பட வாய் வரவில்லை.

“அஞ்சு வருஷம் தாராளமா ஓடுமுங்க,” என்றேன்.

வண்டியை வாங்கி வந்த மறுநாள் காலை, அந்தம்மா வாசலெல்லாம் நீலப் புகை.

“ஏனுங்கண்ணா, புது இடம்னு மொரண்டு பண்ணுதுங்களா?” என்று சிரித்தார். நான் பார்த்துச் சொன்ன வண்டி என்கிற தைரியம் அந்தச் சிரிப்பில் இருந்தது.