எமுலேட்டருக்குள் ஒரு தீவு

அந்தப் பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுபவர். பதினெட்டு வருடமாக லென்ஸைச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்ததில் வலது கட்டைவிரல் மூட்டு வீங்கிவிட்டது. வேலையில் வலித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார். செல்போனில் விளையாட முடியாமல் போனதுதான் மனதை அறுத்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில், வேறு ஊரில் மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கும் தம்பியோடு ஒரு துப்பாக்கி விளையாட்டில் சேர்வார். சுடுவதில் நாட்டம் கிடையாது. அதில் வரும் தீவின் வெள்ளை மணலில் நடந்தபடி தம்பியோடு பேசிக்கொண்டே இருப்பார்.

பக்கத்துக் கடை கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் ஒரு வழி செய்தார். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஆண்ட்ராய்டு போன் ஒன்று ஓடுவதுபோல் ஆக்கும் எமுலேட்டரை ஏற்றிக் கொடுத்தார். நடக்கக் கீபோர்டில் நான்கு எழுத்துகள், சுட மவுஸ். கட்டைவிரலுக்கு ஓய்வு.

"ஒண்ணு சொல்லிடறேன்க்கா. நீங்க எமுலேட்டர்ல வர்றது கேமுக்குத் தெரியும். அதே மாதிரி ஆளுங்களோடதான் மோத விடும். விட்டா விடட்டும். அதை மறைக்கிறேன்னு எதையாவது போட்டீங்க, அக்கவுண்ட்டுக்கு சங்குதான்."

பெரிய திரையில் கடல் சுவரளவு விரிந்தது. ஜன்னல் வெயில் மேசையில் நகர்வதுகூடத் தெரியாமல் அதில் மிதந்துகொண்டிருந்தார்.

சிக்கல் தம்பிக்குத்தான். போனில் ஆடினாலும், அக்காவோடு சேர்ந்ததால் அவனும் மவுஸ்காரர்கள் நடுவே போய் விழுந்தான்.

"பாராசூட்ல இறங்கிக் கால் தரையில படறதுக்குள்ள சுட்டுடறாங்கக்கா."

அவருக்குப் பாவமாக இருந்தது. எமுலேட்டரை நிஜப் போன்போல் காட்டும் ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்து, யாரிடமும் சொல்லாமல் போட்டார். மூன்று வாரம் தீவு அவர்களுடையதாகவே இருந்தது. நான்காவது ஞாயிறு உள்ளே நுழையும்போது ஒரே ஒரு அறிவிப்பு: அனுமதியில்லாத மென்பொருள், பத்து வருடத் தடை.

நடந்ததை மறைக்காமல் எழுதி முறையிட்டார். நான்கு நாளில் பதில் வந்தது. தடை நீங்காது. ஆனால் அது அந்தக் கணக்குக்கு மட்டுமே.

"கொலை பண்ணினவனைக்கூட நன்னடத்தைன்னு முன்னாடியே விட்டுடறாங்கடா," என்றார் போனில். சிரிக்கத்தான் நினைத்தார். முடியவில்லை. ஐந்து வருடம் சேர்த்த உடைகள், பட்டங்கள், இருவரும் கைகோத்து நின்ற படங்கள், எல்லாம் அதற்குள் இருந்தன.

"எனக்காகத்தானே போட்ட?"

"எனக்காகவும்தான். நீ சலிச்சுப்போய் வராம இருந்துடுவியோன்னு பயம்."

"கேம்ல செத்தா செத்துட்டுப் போறேன்க்கா. புதுசா ஆரம்பி. மறைக்காம வா."

அந்த மென்பொருளைத் துடைத்தெறிந்து, எமுலேட்டரைப் புதிதாக ஏற்றி, வேறு பெயரில் நுழைந்தார். எமுலேட்டர் ஆட்கள் குறைவென்பதால் ஆட்டத்துக்கு ஆள் சேர நேரம் பிடிக்கும். அந்தக் காத்திருப்பில் தம்பி கிடங்குக் கதைகளைச் சொல்வான். இறங்கியதும் பெரும்பாலும் யாராவது சுட்டுவிடுவார்கள்.

"இன்னொரு தடவை போலாமா?" என்பார் அவர். வெளியே மதியம் மெல்லச் சாய்ந்துகொண்டிருக்கும்.